ஒரு 'ஜஸ்ட்' இடம் மாறியதில் நின்றுபோன மாதக்கடைசி ரிப்போர்ட்

நான்கு வருடத்துக்கு முன்னால், லண்டனில் ஒரு நிறுவனத்தில் இரவு ஆன்-கால் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடித்தது. ரிப்போர்ட் சர்வர் தொங்கிவிட்டது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், லாக் ஃபைல்கள் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் முழுவதும் நிரம்பியிருந்தது. வெறுமனே ரீஸ்டார்ட் பண்ணிவிட்டுப் படுத்திருக்கலாம். ரெண்டு மணி நேரத்தில் மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றிருக்கும். அதனால் பழைய லாக்குகளை எடுத்துவிட்டு, இனிமேல் தினமும் தானாகவே சுத்தமாகிற மாதிரி செட்டிங்கை மாற்றி, கடைசியில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். எல்லாம் ஓட ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு டிக்கெட்டில் இரண்டே வாக்கியம் எழுதினேன்: "ஐ ஜஸ்ட் டிட்ன்ட் ரீஸ்டார்ட் தி சர்வர். தி ரூட் காஸ் இஸ் ஃபிக்ஸ்ட்."

நான் சொல்ல வந்தது இதுதான்: சும்மா ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிவிட்டுப் போகவில்லை, அடிப்படைக் கோளாறையே சரிசெய்திருக்கிறேன். கொஞ்சம் பெருமையோடுதான் எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் அந்த வாக்கியத்தைப் படித்தார். "சர்வரை நான் ரீஸ்டார்ட் பண்ணவேயில்லை, அவ்வளவுதான்" என்று அவருக்குப் புரிந்தது. கோளாறைச் சரிசெய்தாயிற்று, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி என்று நினைத்து, பொறுப்பான மனிதர் அல்லவா, அவரே ரீஸ்டார்ட் பண்ணிவிட்டார். அந்த நேரம் பார்த்து மாதக்கடைசி ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் செத்துப்போயிற்று. மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

மறுநாள் என்ன நடந்தது என்று பேசக் கூடினோம். "ரீஸ்டார்ட் பண்ணவில்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்" என்று அவர் சொல்ல, "பண்ணினேன் என்றுதானே எழுதியிருக்கிறேன்" என்று நான் சொல்ல, ஒரு பத்து நிமிஷம் இப்படியே போனது. கூட இருந்த ஆந்திரா நண்பர் வேறு, நான் எழுதியது தெளிவாகத்தானே இருக்கிறது என்றார். அவருக்குத் தெளிவாகத்தான் இருந்திருக்கும். எங்கள் மேனேஜர் அம்பது வயதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி. டிக்கெட்டை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுக் கேட்டார்: "நீ சொல்ல வந்தது 'டிட்ன்ட் ஜஸ்ட்' தானே?"

ஆமாம். அதுதான். "ஐ டிட்ன்ட் ஜஸ்ட் ரீஸ்டார்ட் தி சர்வர்." அதே ஆறு சொல். இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஒன்று 'அதை மட்டும் செய்யவில்லை, அதற்கு மேலும் செய்தேன்'. மற்றது 'அதைச் செய்யவேயில்லை'. நான் இன்ஜினியரிங்கை இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன், பத்து வருடமாக இங்கிலீஷில்தான் சம்பளம் வாங்குகிறேன். என்னோடது ஸ்பெல்லிங் தப்பும் இல்லை, கிராமர் தப்பும் இல்லை. நான் எழுதியது முழுக்கச் சரியான இங்கிலீஷ் வாக்கியம். நான் நினைத்ததைச் சொல்லாத வாக்கியம், அவ்வளவுதான். அதனால்தான் எந்த ஸ்பெல் செக்கரும் அதைப் பிடிக்கவில்லை.

ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். தமிழில் என் மனதில் ஓடிய வாக்கியம், "நான் சும்மா ரீஸ்டார்ட் மட்டும் பண்ணல". 'சும்மா' முன்னால் வருகிறது. இல்லை என்கிற அர்த்தம் 'பண்ணல' என்ற வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு கடைசியில் வருகிறது. சும்மாவுக்கு ஜஸ்ட்டைப் போட்டேன், அப்புறம் டிட்ன்ட் போட்டேன், வரிசை மாறாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழில் வினை கடைசியில் இருப்பதால், அதன் வாலில் இருக்கும் 'இல்லை' முன்னால் உள்ள எதை வேண்டுமானாலும் மறுக்கலாம். எதை மறுக்கிறோம் என்பதைக் குரலில் காட்டிவிடுகிறோம். "ரீஸ்டார்ட் மட்டும் பண்ணல" என்பதையே இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை "மத்ததெல்லாம் பண்ணிட்டேன், ரீஸ்டார்ட் மட்டும் பண்ணல" என்று. இன்னொரு தடவை "ரீஸ்டார்ட் மட்டும் பண்ணல, டிஸ்க்கையும் சுத்தம் பண்ணேன்" என்று. சொற்கள் ஒன்றுதான், குரல்தான் வேறு. ஆக, தமிழிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஆனால் தமிழில் குரல் செய்யும் வேலையை இங்கிலீஷில் பெரும்பாலும் வரிசை செய்கிறது. இந்த மாதிரி வாக்கியங்களில் இடதுபக்கம் நிற்பது வலதுபக்கம் நிற்பதை ஆளுகிறது. நாட் முதலில் வந்து ஜஸ்ட் பின்னால் வந்தால், நாட் ஜஸ்ட்டையே மறுக்கிறது: 'வெறும் அது இல்லை'. ஜஸ்ட் முதலில் வந்தால் மறுப்பு முழுசாக நிற்கிறது. ஜஸ்ட் அதற்கு ஒரு அழுத்தம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

"ஐ ஜஸ்ட் கான்ட் லீவ் மை ஜாப்" என்று உங்கள் பிள்ளை சொன்னால், அந்த வேலையை விட மனசே வரவில்லை, முடியவே முடியாது என்று அர்த்தம். "ஐ கான்ட் ஜஸ்ட் லீவ் மை ஜாப்" என்றால், திடுதிப்பென்று அப்படி விட்டுவிட்டு வந்துவிட முடியாது, நோட்டீஸ் கொடுக்கணும், வேறு ஏற்பாடு பார்க்கணும் என்று அர்த்தம். இரண்டாவதைச் சொல்கிற பிள்ளை விடுவதற்கு ஏறக்குறைய தயாராகிவிட்டது.

ஆபீஸ் சமாச்சாரம் ஒரு ரிப்போர்ட்டோடு போயிற்று. இதே வரிசைக் கோளாறு அம்மாவோடு டாக்டரிடம் போனபோதும் வந்தது. அம்மா எங்களோடு இருந்த சமயம், பிரஷர் ஏறியிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று டாக்டர் கேட்டார். அம்மா எப்பவும் போடுகிறதில்லை, கோயிலுக்கு, விசேஷத்துக்கு என்று கிளம்புகிற நாளில் மறந்துவிடுவார்கள். அதைத்தான் மொழிபெயர்த்தேன்: "ஷி ஆல்வேஸ் டஸ்ன்ட் டேக் தி டேப்லெட்." டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நெவர்?" என்று கேட்டார். நல்லவேளை கேட்டார். ஒருநாளும் மாத்திரையே போடாதவருக்கு ஏறிய பிரஷர் வேறு. பெரும்பாலான நாள் போட்டும் ஏறுகிற பிரஷர் வேறு. முதலாவதற்கு மாத்திரையைப் போடச் சொன்னாலே போதும். இரண்டாவதற்கு மருந்தின் அளவையே யோசிக்க வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டியது "ஷி டஸ்ன்ட் ஆல்வேஸ் டேக் தி டேப்லெட்". டஸ்ன்ட் முன்னால், ஆல்வேஸ் பின்னால். மறுபடியும் அதே விதிதான்: 'எப்பவும்' என்பதை மறுக்க வேண்டுமானால் மறுப்பு அதற்கு முன்னால் நிற்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு டாக்டரிடம் மொழிபெயர்க்கிற வேலை நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

மறுப்பு இல்லாத சாதாரண வாக்கியத்தில் இந்தச் சொற்கள் எங்கே உட்காரும்? பள்ளிக்கூடத்தில் இதற்கு மூன்று தனித்தனி விதி சொல்லிக் கொடுத்தார்கள். வினைக்கு முன்னால், துணைவினைக்குப் பின்னால், ஈஸ், ஆம், ஆர் வந்தால் அதற்குப் பின்னால் என்று. மூன்றையும் நான் பரீட்சை எழுதிய அன்றே மறந்துவிட்டேன். இப்போது நான் பயன்படுத்துவது ஒரே ஒரு சோதனை. வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். எந்தச் சொல் எழுந்து முன்னால் ஓடுகிறதோ, வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு அடுத்த இடம்தான் ஆல்வேஸுக்கு. "ஷி ஹேஸ் லிவ்ட் ஹியர்" என்பதைக் கேள்வியாக்கினால் "ஹேஸ் ஷி லிவ்ட் ஹியர்?" ஹேஸ் ஓடிற்று. ஆகவே "ஷி ஹேஸ் ஆல்வேஸ் லிவ்ட் ஹியர்". "ஹி இஸ் லேட்" என்பது "இஸ் ஹி லேட்?" ஆகிறது, ஆகவே "ஹி இஸ் ஆல்வேஸ் லேட்". எதுவுமே ஓடாமல், டூ, டஸ், டிட் என்று வெளியிலிருந்து ஒன்றைக் கூட்டிவர வேண்டியிருந்தால், ஆல்வேஸ் வினைக்கு முன்னால் வரும்: "ஷி ஆல்வேஸ் செக்ஸ் தி லாக்ஸ்".

இந்தச் சோதனையின் அருமை 'ஹேவ்' வரும்போது தெரியும். "ஐ ஹேவ் ஆல்வேஸ் லைக்ட் டீ" சரி, ஏனென்றால் "ஹேவ் யூ லைக்ட்?" என்று ஹேவ் ஓடுகிறது. ஆனால் காலையில் டீ குடிக்கிறேன் என்று சொல்ல "ஐ ஹேவ் ஆல்வேஸ் டீ" என்றால் தப்பு. அங்கே கேள்வி "டூ யூ ஹேவ் டீ?" என்றுதான் வரும். ஹேவ் நகரவில்லை, அது அங்கே வேலை செய்கிற வினை. ஆகவே "ஐ ஆல்வேஸ் ஹேவ் டீ". ஹேவ் டூவும் இதே கதைதான்: "ஐ ஆல்வேஸ் ஹேவ் டு எக்ஸ்ப்ளெயின்".

ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சோதனை கைவிட்டுவிடும். பேச்சில் பதில் சொல்லும்போது பின்பாதியை விழுங்கிவிடுகிறோம் இல்லையா, அங்கே. "இஸ் ஹி லேட் அகெய்ன்?" என்று யாராவது கேட்டால், பதில் "ஹி ஆல்வேஸ் இஸ்". "ஹி இஸ் ஆல்வேஸ்" என்று நிறுத்தினால், கேட்பவர் மீதியை எதிர்பார்த்து உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். லேட் என்ற சொல் விழுங்கப்பட்டதும், கடைசியில் மிச்சமிருக்கிற இஸ் அழுத்தத்தோடு நிற்க வேண்டும், ஆல்வேஸ் அதற்கு முன்னால் ஒதுங்கிவிடும். "ஹேவ் யூ சப்போர்ட்டட் ஆர்சனல்?" "ஐ ஆல்வேஸ் ஹேவ்." என் மகளை யாரும் இதற்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை, அவள் ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை. நான் இன்னும் மனசுக்குள் ஒரு நொடி நின்றுதான் சொல்கிறேன்.

நாம் மட்டும்தான் இப்படித் தடுமாறுகிறோம் என்று நினைக்க வேண்டாம். என் டீமில் ஒரு ஜெர்மன்காரர். இலக்கணத்தில் புலி. அவரும் பத்து வருடமாக "ஐ செக் ஆல்வேஸ் தி லாக்ஸ்" என்றுதான் எழுதுகிறார். ஜெர்மன் மொழியில் வினை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், 'எப்போதும்' அதற்குப் பின்னால். ஃப்ரெஞ்சிலும் வினைக்குப் பின்னால்தான். இங்கிலீஷிலும் ஒருகாலத்தில் வினைகள் இப்படி முன்னால் தாண்டி வந்தன. ஷேக்ஸ்பியர் காலத்தில் "ஐ நோ நாட்" என்று சொல்ல முடிந்தது அதனால்தான். பிறகு சாதாரண வினைகள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டன. பழையபடி தாண்டுகிறவை இஸ், ஹேவ், கேன், வில் போன்ற சில சொற்கள் மட்டும்தான். மேலே சொன்ன கேள்விச் சோதனை வேலை செய்வதும் இதனால்தான். ஆக, ஜெர்மன்காரர் செய்கிற தப்பு வேறு, நாம் செய்கிற தப்பு வேறு. அவர் ஆல்வேஸைப் பின்னால் தள்ளுகிறார். நாம் ஒன்லியைப் பின்னால் ஒட்டுகிறோம்.

இனி ஒன்லிக்கு வருவோம். நம்மைக் கேலி செய்கிறவர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். "ஐ கேம் நவ் ஒன்லி." "ஹி டோல்ட் யெஸ்டர்டே ஒன்லி." "மை ஹவுஸ் இஸ் நியர் தி டெம்பிள் ஒன்லி." மூன்றிலும் ஒன்லியை எடுத்துவிட்டு 'தான்' போட்டுப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். இப்பதான் வந்தேன். நேத்துதான் சொன்னார். கோயில் பக்கத்துலதான் வீடு. தமிழில் தான், மட்டும் இரண்டும் தாங்கள் குறிவைக்கிற சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகின்றன. அந்தப் பழக்கத்தில் ஒன்லியையும் பின்னால் ஒட்டுகிறோம். இந்திக்காரர்களும் அவர்களுடைய 'ஹி' என்ற ஒட்டை வைத்து இதையேதான் செய்கிறார்கள். அதனால்தான் இந்தியாவுக்குள் இது யாருக்கும் உறுத்துவதில்லை. அங்கே அது ஒரு நிலைபெற்ற பேச்சு வழக்கு. அதைத் தப்பு என்று அடிக்கிறவன் நான் இல்லை. எனக்குள்ள கவலை வேறு: இங்கே இருப்பவர் அதைக் கேட்டு என்ன புரிந்துகொள்கிறார்?

'தான்' எதையும் கழிப்பதில்லை, அழுத்துகிறது. 'மட்டும்' கழிக்கிறது. ஒன்லியும் கழிக்கிறது. "சார் ஆபீஸ்லதான் இருக்கார்" என்று நினைத்து "ஹி இஸ் இன் தி ஆபீஸ் ஒன்லி" என்று ஒரு க்ளையன்டிடம் சொன்னால், அவர் காதில் 'ஆபீஸில் மட்டும்தான் இருப்பார், வேறெங்கும் வரமாட்டார்' என்று விழலாம். இடத்தை மாற்றி ஒன்லியை முன்னால் போட்டாலும் தீராது. அங்கே ஒன்லியே வேண்டாம். இஸ்ஸை அழுத்திச் சொன்னாலே போதும். ஆகவே தான் என்ற ஒரு சொல்லுக்கு இங்கிலீஷில் ஒரே மாற்று கிடையாது. இப்பதான் வந்தேன் என்றால் ஜஸ்ட் வரவேண்டும்: "ஐ ஹேவ் ஜஸ்ட் கம்". அமெரிக்காவில் இருப்பவர்கள் ஹேவ் இல்லாமலே "ஐ ஜஸ்ட் கேம்" என்பார்கள், லண்டனில் ஹேவோடு சொல்வதுதான் அதிகம். நேத்துதான் சொன்னார் என்றால் "ஹி ஒன்லி டோல்ட் மி யெஸ்டர்டே". இங்கே ஒன்லி பொருந்துகிறது, ஏனென்றால் அதற்கு முன்னால் சொல்லவில்லை என்ற கழித்தல் உள்ளே இருக்கிறது. நான்தான் சொன்னேன் என்றால் "இட் வாஸ் மி ஹு டோல்ட் ஹிம்", அல்லது ஐயை அழுத்தி "ஐ டோல்ட் ஹிம்". அதை "ஒன்லி ஐ டோல்ட் ஹிம்" என்று ஆக்கினால், வேறு யாரும் சொல்லவில்லை என்று ஆகிவிடும். கூட இருந்து சொன்ன சக ஊழியர் உங்களைப் பார்ப்பார்.

இப்போது உண்மையிலேயே 'மட்டும்' என்று சொல்ல வேண்டிய இடம். ஒரு ஈமெயில் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "ஐ டோல்ட் தி க்ளையன்ட் அபவுட் தி டிலே யெஸ்டர்டே." வேலை தாமதமாவதை நேற்று க்ளையன்டிடம் சொன்னேன். ஒன்லியை ஐக்கு முன்னால் போட்டால் நான் மட்டும்தான் சொன்னேன். தி க்ளையன்டுக்கு முன்னால் போட்டால் க்ளையன்டிடம் மட்டும், வேறு யாரிடமும் இல்லை. அபவுட்டுக்கு முன்னால் போட்டால் தாமதத்தைப் பற்றி மட்டும், செலவு கூடியதைச் சொல்லவில்லை. யெஸ்டர்டேக்கு முன்னால் போட்டால் நேற்றுத்தான், அதுவரை சொல்லவில்லை. இது வரை எளிது: ஒன்லி தனக்கு வலதுபக்கம் ஒட்டி நிற்பதைக் குறிக்கிறது. தமிழில் மட்டும் இடதுபக்கம் பார்க்கும், இங்கிலீஷில் ஒன்லி வலதுபக்கம் பார்க்கும்.

ஆனால் இங்கிலீஷ்காரர்கள் பேசும்போது இப்படித் தேடித் தேடிப் போடுவதில்லை. கேள்விச் சோதனை காட்டுகிற அதே இடத்தில், டோல்டுக்கு முன்னால், "ஐ ஒன்லி டோல்ட் தி க்ளையன்ட் அபவுட் தி டிலே யெஸ்டர்டே" என்று போட்டுவிட்டு, எதைக் குறிக்கிறோமோ அந்தச் சொல்லைக் குரலில் தூக்கிவிடுகிறார்கள். க்ளையன்டைத் தூக்கினால் ஒரு அர்த்தம், டிலேயைத் தூக்கினால் இன்னொன்று, யெஸ்டர்டேயைத் தூக்கினால் மூன்றாவது. ஐயை மட்டும் தூக்க முடியாது. ஐ இடதுபக்கம் இருக்கிறது, ஒன்லி திரும்பிப் பார்க்காது. இப்படி வினைக்கு முன்னால் போடுவதை 18ஆம் நூற்றாண்டிலிருந்தே சில இலக்கண வாத்தியார்கள் திட்டி வந்திருக்கிறார்கள். 1926இல் வெளிவந்த தன் பயன்பாட்டு அகராதியில் ஃபௌலர் அந்த வாத்தியார்களின் பக்கம் நிற்காமல், குழப்பம் வராத இடத்தில் இயல்பான இடமே போதும் என்ற பக்கம் நின்றார். அதனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் "ஐ ஒன்லி வான்ட் டூ" என்று கடையில் கேட்டால் அவர் தப்பாகப் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். "ஐ வான்ட் ஒன்லி டூ" என்பது கேட்பதற்குக் கொஞ்சம் சட்டைக்காலரை இறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும்.

எழுத்தில்தான் சிக்கல். எழுத்தில் குரல் கிடையாது. எங்கள் வேலைக் குறிப்புகளில் இருந்த ஒரு வரி: "ஒன்லி டெலீட் லாக்ஸ் ஓல்டர் தேன் தேர்ட்டி டேஸ் ஆன் தி ஆர்க்கைவ் சர்வர்." இதை ஒருவர் '30 நாளைத் தாண்டிய லாக்குகளை மட்டும் அழி' என்று படிக்கலாம். இன்னொருவர் 'ஆர்க்கைவ் சர்வரில் மட்டும் அழி, மற்ற சர்வரில் கைவைக்காதே' என்று படிக்கலாம். இரண்டும் ஆபத்தானவை, வெவ்வேறு விதத்தில். முதல் ஆள் மற்ற சர்வரிலும் பழைய லாக்கை அழித்தால், வாக்கியம் அவரைத் தடுக்கவில்லை. இரண்டாவது ஆளுக்கு 30 நாள் என்பது ஒரு ஓரக் குறிப்பாகப் போய்விடும். இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் நான் செய்வது, ஒன்லியை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது. நகர்த்தினால் அர்த்தம் மாறுகிறது, எது வேண்டியது என்று எனக்கே நிச்சயமில்லை என்றால், அந்த வரியை இரண்டாக உடைத்துவிடுவேன். "டெலீட் லாக்ஸ் ஒன்லி ஆன் தி ஆர்க்கைவ் சர்வர். டெலீட் ஒன்லி தோஸ் ஓல்டர் தேன் தேர்ட்டி டேஸ்." அழகாக இல்லைதான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிக்கிறவனுக்கு அழகு எதற்கு?

பின்னால் ஒட்டுகிற ஒன்லி இங்கிலீஷில் அறவே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. போர்டுகளைப் பாருங்கள். ஸ்டாஃப் ஒன்லி. கேஷ் ஒன்லி. மெம்பர்ஸ் ஒன்லி. நம் தமிழ் மாதிரியே பின்னால் நிற்கிறது. ஆனால் அங்கேயும் அது கழிக்கிறது, அழுத்தவில்லை. கேஷ் ஒன்லி என்றால் கார்டு கிடையாது. எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில் நம்மூர் அண்ணாச்சி ஒருவர், "கார்ட் வாங்குவீங்களா?" என்று ஒரு இங்கிலீஷ்காரப் பாட்டி கேட்டதற்கு, "கார்ட் ஒன்லி மேடம்" என்றார். கார்டுதானே, தாராளமாக வாங்குவோம் என்கிற அர்த்தத்தில். பாட்டி கையில் எடுத்த பத்து பவுண்ட் நோட்டை மறுபடியும் பர்ஸில் வைத்துக்கொண்டு கார்டைத் தேட ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டில் இப்போது போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கிறது. மகளுக்கு ஒன்பது வயது, நினைப்பதெல்லாம் இங்கிலீஷில், பாட்டியோடு பேசுவது மட்டும் தமிழில். நான் சும்மாவைத் தூக்கி ஜஸ்ட் இருக்கிற இடத்தில் வைத்தேன் அல்லவா, அவள் ஒன்லி இருக்கிற இடத்தில் மட்டும்-ஐ வைக்கிறாள். போன வாரம் வீடியோ காலில் அம்மா, "காலையில என்னம்மா சாப்ட்ட?" என்று கேட்டார்கள். "ஐ ஒன்லி ஏட் ஒன் இட்லி" என்பது அவள் மனதில் ஓடியிருக்கும். சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, வரிசை மாறாமல், தெளிவாகச் சொன்னாள்:

"நான் மட்டும் ஒரு இட்லி சாப்ட்டேன் பாட்டி."

அம்மா முகம் மாறிவிட்டது. "ஏன்டி, தம்பிக்குக் குடுக்கலையா உங்கம்மா?"